ஐந்தரை மணி பிறந்த கதை

சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல. நவம்பர் முதல் வாரத்தில் கடிகாரம் 11:53 காட்டும்போதே சூரியன் உச்சியைத் தொட்டுவிடும். பிப்ரவரி நடுவில் அதற்கு 12:23 ஆகிவிடும். ஆண்டு முழுவதையும் சராசரி பார்த்தால் 12 மணி 9 நிமிடம் வரும். வெட்டவெளியில் ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகவும் குட்டையாகும் நொடியைக் குறித்து வைத்தால் யாரும் இதைச் சரிபார்க்கலாம்.

அப்படியானால் 12 மணி என்று கடிகாரம் சொல்லும் அந்த நொடியில் வானத்தில் என்ன நடக்கிறது? சென்னை வானத்தில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. அங்கிருந்து வெகு தொலைவில், உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82 பாகை 30 கலைத் தீர்க்கரேகையில் சராசரி நண்பகல் ஆகிறது. அந்த ஒரு கோட்டின் நண்பகலை குஜராத்தின் கட்ச் முதல் அருணாசலப் பிரதேசத்தின் கிழக்குக் கோடி வரை எல்லோரும் தங்கள் நண்பகலாக வைத்துக்கொண்டிருக்கிறோம். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும் இந்திய நேரத்துக்குப் பிறந்த தேதி இருக்கிறது, அதைப் பெற்றவர்களும் எதிர்த்தவர்களும் இருக்கிறார்கள். சமூகக் கட்டுமானம் என்று சமூகவியலாளர்கள் சொல்வது என்ன, அது கண்ணெதிரே உள்ள உலகை மறுக்கிறதா என்ற கேள்விக்கு விடை தேட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பூமி தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நாள் ஆகிறது. 360 பாகையை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருக்கும் ஊரில் சூரியன் முன்னால் உச்சிக்கு வரும், மேற்கே இருக்கும் ஊரில் பின்னால் வரும். கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் இடையே ஏறக்குறைய பதினைந்தரை பாகை என்பதால் கொல்கத்தாவின் நண்பகல் மும்பையின் நண்பகலைவிட ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக முந்தி வந்துவிடுகிறது. எந்த அரசாணையாலும் இதை மாற்ற முடியாது.

ரயிலும் தந்தியும் வருவதற்கு முன் இந்த வித்தியாசம் யாரையும் உறுத்தவில்லை. ஒவ்வொரு ஊருக்கும் அதன் சூரியனே கடிகாரம். நம் பஞ்சாங்கம் நாளைச் சூரிய உதயத்திலிருந்து 60 நாழிகையாக எண்ணியது. உதயம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் நாழிகையும் ஊரோடு சேர்ந்தே நகர்ந்தது. மாட்டு வண்டியில் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தவருக்கு அங்கே இரண்டு நிமிட வித்தியாசம் இருப்பது தெரியவும் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

வித்தியாசத்தை முதலில் துல்லியமாக அளந்தவர்கள் கடலோடிகளுக்காக உழைத்த வானியலாளர்கள். 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வு நிலையம் வைத்தார். பின்னர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1792-ல் மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் அதற்குத் தனிக் கட்டடம் எழுந்தது. தொலைநோக்கி அசையாமல் நிற்க நட்ட பெரிய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். கப்பல் தலைவர்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க ஒரு நம்பகமான நேரம் வேண்டும். சரியான நேரம் தெரிந்தால்தான் நடுக்கடலில் தீர்க்கரேகை தெரியும். ஜான் கோல்டிங்ஹாம் அந்த நிலையத்திலிருந்து சென்னையின் இருப்பிடத்தைக் கணக்கிட்டார். கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னால் ஓடும் ‘மதராஸ் நேரம்’ அப்படித்தான் கிடைத்தது.

இந்த மதராஸ் நேரமும் சூரியனை அப்படியே பின்பற்றிய நேரம் இல்லை. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை, பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகல் வரையிலான நேரம் சிறிது கூடும், குறையும். ஒரே சீராக ஓடும் கடிகாரத்துக்கு அந்த ஏற்ற இறக்கம் ஒத்துவராது. ஆகவே வானியலாளர்கள் ஆண்டின் சராசரியைக் கணக்கிட்டு, வானத்தில் இல்லாத ஒரு சீரான சூரியனைக் கற்பித்துக்கொண்டார்கள். ஐந்தரை மணி பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, கடிகாரத்தின் 12 மணி நிஜச் சூரியனைவிட்டு ஓரடி விலகியிருந்தது. இரண்டாவது அடியை எடுத்து வைத்தது ரயில்.

ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் ஓடும்போது இரு நிலைய அதிகாரிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போகாவிட்டால் உயிர் போகும். ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் சொந்த நேரம் இருந்தால் கால அட்டவணையும் போட முடியாது. இந்திய ரயில்வேக்கள் 1870 வாக்கில் மதராஸ் நேரத்தைப் பொது நேரமாக எடுத்துக்கொண்டன. அதற்கு இரண்டு காரணங்கள். சென்னை ஏறக்குறைய பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்தது; இரண்டு ஊர்களுக்குமே சுமார் அரை மணி நேர வித்தியாசம்தான். இன்னொன்று, துல்லியமாக நேரம் பார்த்துத் தந்தியில் அனுப்பும் வானாய்வு நிலையம் சென்னையில் இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தந்திக் கம்பி வழியே புறப்பட்ட சமிக்ஞையைக் கேட்டுத்தான் நாடெங்கும் நிலையக் கடிகாரங்கள் திருத்தப்பட்டன.

இங்கேதான் முதல் சண்டை வெடித்தது. பம்பாயில் ரயில் நிலையத்தில் ஒரு நேரம், வெளியே வந்தால் வேறு நேரம். 1881-ல் பம்பாய் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் அரசு அலுவலகங்கள் எல்லாம் மதராஸ் நேரத்துக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டார். ஊர் அதை ஏற்கவில்லை. தங்கள் ஊர்ச் சூரியனை விட்டுவிட்டு வேறொரு மாகாணத்தின் சூரியனுக்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்று வணிகர்களும் பத்திரிகைகளும் கேட்டார்கள். ராஜாபாய் கோபுரத்தின் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுவது என்பது பல்கலைக்கழகத்துக்கும் அரசுக்கும் இடையே வழக்காகவே ஆனது. ஊர் மக்களின் பிடிவாதம் வென்றது. 1883-ல் உத்தரவு கைவிடப்பட்டது.

அடுத்த ஆண்டு உலகமே இதே கேள்விக்கு வந்து சேர்ந்தது. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, தீர்க்கரேகையை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று விவாதித்தார்கள். நிலநடுக்கோட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பூமி சுழல்வதால் இரு துருவங்கள் உண்டாகின்றன, அவற்றிலிருந்து சம தூரத்தில் நிலநடுக்கோடு தானாகவே விழுகிறது. தீர்க்கரேகையில் எந்தக் கோட்டையும் பூச்சியம் என்று வைக்கலாம், இயற்கை எதையும் பரிந்துரைப்பதில்லை. அப்போது உலகக் கப்பல்களில் பெரும்பாலானவை கிரீன்விச்சை வைத்து வரைந்த வரைபடங்களையே பயன்படுத்தின என்பதால் 22 நாடுகள் கிரீன்விச்சுக்கு வாக்களித்தன. சான் டொமிங்கோ எதிர்த்தது. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. இந்தியாவின் சார்பில் அங்கே அமர்ந்திருந்தவர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி என்ற பிரிட்டிஷ் அதிகாரி.

பிரான்ஸ் 1911-ல்தான் இறங்கி வந்தது. அப்போதும் தன் சட்டத்தில் கிரீன்விச் என்ற பெயரை எழுதாமல், பாரிஸின் சராசரி நேரத்தில் 9 நிமிடம் 21 நொடி குறைத்தது என்றே தன் சட்டப்படியான நேரத்தைக் குறித்தது. இரண்டும் ஒரே நேரம்தான், ஆனால் எந்த ஊரின் பெயரால் அதைச் சொல்வது என்பதற்காக 27 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

கிரீன்விச்சிலிருந்து முழு மணியாக அல்லது அரை மணியாக விலகி நிற்கும் நேரங்களையே உலகின் பெரும்பகுதி மெல்ல மெல்ல ஏற்றது. இந்தியாவின் கிழக்கு மேற்கு எல்லைகளுக்கு ஏறத்தாழ நடுவில், அரை மணிக் கணக்கில் சரியாகப் பொருந்தும் கோடு 82 பாகை 30 கலை. அதைப் பதினைந்தால் வகுத்தால் ஐந்தரை வரும். 1905 ஜூலையில் ரயில்வேயும் தந்தியும் இந்த நேரத்துக்கு மாறின. 1906 ஜனவரி 1 முதல் இதுவே இந்தியாவின் அதிகாரபூர்வ நேரமானது.

சென்னைக்கு இது 9 நிமிட மாற்றம்தான். ஊர் அலட்டிக்கொள்ளாமல் ஏற்றுக்கொண்டது. பம்பாய்க்கு 39 நிமிடம். அந்த 39 நிமிடத்தின் கனம் யார் தலையில் இறங்கியது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

காலை 6 மணிக்குச் சங்கு ஊதும் ஒரு பஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். பம்பாயில் ஜனவரி மாதம் சூரியன் உதிப்பது பழைய பம்பாய் நேரப்படி சுமார் 6:33-க்கு. தொழிலாளி அரை மணி இருட்டில் ஆலைக்குள் நுழைவார், பிறகு விடியும். ஆலை நிர்வாகம் கடிகாரத்தைப் புதிய நேரத்துக்குத் திருப்பிவிட்டு, சங்கு ஊதும் எண்ணை மாற்றாமல் 6 என்றே வைத்தால் என்ன ஆகும்? புதிய 6 மணி என்பது பழைய 5:21. அவர் இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் வேலை செய்ய வேண்டும். அதற்கும் முன்னதாக எழுந்து, சமைத்து, நடந்து வர வேண்டும். சூரியனும் அதே சூரியன், வேலை நேரமும் அதே நேரம். ஆனாலும் அவருடைய தூக்கத்திலிருந்து 39 நிமிடம் போய்விட்டது. கடிகாரத்தைத் திருப்பியவர்களுக்கு அது காகித வேலை. அதன்படி எழுந்தாக வேண்டியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1906 ஜனவரியில் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், கல்வீச்சும் நடந்தது. வங்கப் பிரிவினைக்கு எதிராக சுதேசி உணர்வு கொதித்துக்கொண்டிருந்த நேரமும் அதுவே. கர்சன் ஆட்சியில் முடிவான இந்த நேரத்தைப் பலர் அந்நிய ஆட்சியின் இன்னொரு திணிப்பாகவே பார்த்தார்கள். அந்த ஆண்டே பம்பாய் மாநகராட்சி தன் கடிகாரங்களைப் பழைய நேரத்துக்கே திருப்பிக்கொள்ள முடிவு செய்தது. சுதந்திரம் வந்த பிறகுதான் அந்த ஊர் முழுமையாக ஐந்தரை மணிக்குள் வந்தது. கல்கத்தாவும் 1948 வரை தன் சொந்த நேரத்தை விடவில்லை.

இன்று இந்தச் சண்டையின் சுவடே இல்லை. மணி என்ன என்று கேட்டால் மும்பையில் யாரும் எந்த மணி என்று திருப்பிக் கேட்பதில்லை. மனிதர்கள் முடிவு செய்த ஒன்று, மனிதர்கள் முடிவு செய்தது என்பதே மறந்துபோகும் அளவுக்கு இயல்பாகிவிட்டது. சமூகக் கட்டுமானக் கொள்கை கவனிக்கச் சொல்வது இந்த மறதியைத்தான்.

பீட்டர் பெர்கரும் தாமஸ் லுக்மனும் 1966-ல் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் இந்தக் கொள்கைக்குப் பெயர் வாங்கித் தந்தது. அவர்கள் மூன்று கட்டங்களைச் சொன்னார்கள். முதலில் மனிதர்கள் ஒரு தேவைக்காக ஓர் ஏற்பாட்டைச் செய்கிறார்கள். பிறகு அந்த ஏற்பாடு அவர்களைவிட்டு விலகி, வெளியே நிற்கும் ஒரு பொருளைப்போல அவர்களையே கட்டுப்படுத்துகிறது. கடைசியில் அடுத்த தலைமுறை அதை உலகின் இயல்பாகவே கற்றுக்கொண்டு, அதற்குள்ளிருந்தே யோசிக்கத் தொடங்குகிறது. ரயில்வேயின் மதராஸ் நேரம் முதல் கட்டம். ஆலைச் சங்கு இரண்டாவது. மூன்றாவது கட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும்.

திங்கட்கிழமை ராகுகாலம் 7:30 முதல் 9 வரை என்று அதில் அச்சிட்டிருக்கும். இந்தக் கணக்கு வந்த வழி எளிது. பகல் பொழுதை உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டுக் கூறாக்கி, திங்களுக்கு இரண்டாவது கூறை ஒதுக்கினார்கள். உதயம் 6 மணி, அஸ்தமனம் 6 மணி என்று வைத்தால் ஒரு கூறு ஒன்றரை மணி நேரம், இரண்டாவது கூறு 7:30-க்குத் தொடங்கும். ஆனால் சென்னையில் ஜனவரி பின்பகுதியில் உதயம் 6:35 ஒட்டி, அஸ்தமனம் 6:05 ஒட்டி. அந்தப் பகலை எட்டால் வகுத்து இரண்டாவது கூறைப் பார்த்தால் அது 8 மணிக்குத் தொடங்கி 9:27 வரை போகிறது. ஜூனில் உதயம் 5:42 ஆகிவிடுவதால் அது வேறு நேரத்துக்கு நகரும். சூரியனைக் கொண்டு எண்ணிய ஒரு பொழுதைக் கடிகார எண்ணாக உறைய வைத்துவிட்டோம். வீட்டில் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது வானத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்க்கிறோம். ஜாதகம் கணிக்கும் ஜோதிடர் மட்டும் இன்றும் பிறந்த நேரத்தை அந்த ஊரின் உள்ளூர் நேரத்துக்குத் திருத்திக்கொண்டுதான் லக்னம் போடுகிறார். 1906-க்கு முந்தைய நேரம் அவர் கணக்கில் உயிரோடு இருக்கிறது.

இனி மறுப்புக்கு வருவோம். இந்தக் கொள்கையைக் கேட்டதும் பலருக்கு எழும் கோபம் நியாயமானது. எல்லாம் மனிதர்கள் கட்டியது என்றால் கல்லும் மலையும் நோயும் புவியீர்ப்பும்கூட நம் ஒப்பந்தமா? நியூயார்க் இயற்பியலாளர் ஆலன் சோக்கல் 1996-ல் இந்தக் கோபத்தை உலகமறியச் செய்தார். பண்பாட்டு ஆய்வு இதழ் ஒன்றுக்கு, இயற்பியலே சமூகக் கற்பிதம் என்ற தொனியில், வேண்டுமென்றே பொருளற்ற வாதங்களால் நிறைந்த ஒரு கட்டுரையை அனுப்பினார். அது அச்சில் வந்ததும், தான் எழுதியது வெறும் கேலிக்கூத்து என்று அந்த ஆண்டு மே மாதமே இன்னொரு இதழில் அறிவித்தார். இயற்பியல் விதிகள் சமூக வழக்கம்தான் என்று நம்புகிறவர்கள் 21-ஆவது மாடியில் இருக்கும் தன் வீட்டுச் சன்னலிலிருந்து அவற்றை மீறிப் பார்க்கட்டும் என்பது அவர் விட்ட சவால்.

அதே 1996 மே மாதத்தில் இலங்கையில் வேறொன்று நடந்தது. வறட்சியால் அணைகள் வற்றி மின்சாரம் தட்டுப்பட, அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நாட்டை கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னால் நிறுத்தியது. அக்டோபரில் அரை மணி பின்வாங்கி ஆறு மணியாக்கியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்காமல் பழைய ஐந்தரை மணியிலேயே இருந்தன. 2002-ல் போர்நிறுத்தம் வந்து ஏ9 சாலை திறந்த பிறகு, ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வன்னிக்குள் போனவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பினார்கள். திரும்பி வந்தால் முன்னால் தள்ளினார்கள்.

இப்போது அந்த எல்லையின் இரு பக்கமும் வானத்தில் என்ன நடந்தது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். கொழும்பின் தீர்க்கரேகை 79.9 பாகை, கிளிநொச்சியுடையது 80.4. அரை பாகை வித்தியாசம் என்றால் சூரியனுக்கு வெறும் 2 நிமிடம். கொழும்பின் கடிகாரத்தில் சராசரி நண்பகல் 12:40-க்கு வந்தது, கிளிநொச்சியின் கடிகாரத்தில் 12:08-க்கு. 32 நிமிட இடைவெளியில் சூரியனால் வந்தது 2 நிமிடம், மிச்சம் 30 நிமிடமும் அரசியலால் வந்தது. இயற்கையின் பங்கு எது, மனிதர்களின் பங்கு எது என்று எண்ணிப் பிரித்துக் காட்டவே முடிகிறது. நேரம் சமூகக் கட்டுமானம் என்று சொல்கிறவர் அந்த 2 நிமிடத்தை மறுக்கவில்லை. 2 நிமிடத்தை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மீதி 30 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று அவரால் கேட்கவே முடியும்.

தத்துவவாதி ஜான் சேர்ல் 1995-ல் எழுதிய நூலில் இந்தப் பிரிவினையைச் செய்திருக்கிறார். சில உண்மைகள் மனிதர்கள் இல்லாவிட்டாலும் இருக்கும். வேறு சில உண்மைகள், இன்னது இன்ன இடத்தில் இன்னதாகக் கருதப்படும் என்று மனிதர்கள் கூட்டாக ஏற்பதால் மட்டுமே இருக்கும். எல்லோரும் ஒரே இரவில் மறந்துவிட்டால் எது மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். எவரும் நினைவில் வைக்காவிட்டாலும் கிளிநொச்சியில் சூரியன் உச்சிக்கு வரும், கொழும்புக்கு 2 நிமிடம் முன்னதாகவே வரும். ஆனால் 12:08 என்ற எண் மிஞ்சாது, ஐந்தரை மணியும் மிஞ்சாது. சோக்கலின் சன்னலிலிருந்து குதிப்பவர் விழுவது முதல் வகை உண்மை. அந்த வீடு யாருடையது என்பதும், அந்த மாடிக்கு இடப்பட்ட எண்ணும் இரண்டாம் வகை. முதல் வகையைக் காட்டி இரண்டாம் வகையே இல்லை என்று சொல்ல முடியாது.

இதில் பலர் தடுக்கி விழும் இன்னொரு இடம் இருக்கிறது. கட்டப்பட்டது என்றால் பொய் என்றோ, நினைத்தால் உதறிவிடலாம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தரை மணியை நம்ப மறுத்து ரயில் நிலையத்துக்குச் சென்னைச் சூரியன்படி போனால் ஒரு வண்டியை 9 நிமிட வித்தியாசத்தில் தவறவிடுவீர்கள். வண்டி போய்விட்டது என்பதில் எந்தக் கற்பனையும் இல்லை. தனி ஒருவரால் மாற்ற முடியாது, கூட்டாக முடிவெடுத்தால் ஒரே இரவில் மாற்றலாம். இந்த இரண்டும் ஒருசேர இருப்பதுதான் சமூகக் கட்டுமானத்தின் அடையாளம். 2006 ஏப்ரலில், புத்தாண்டு முடிந்த கையோடு இலங்கை ஐந்தரை மணிக்கே திரும்பியபோது ஓமந்தையின் நேர எல்லை ஓர் இரவில் மறைந்தது. அங்கிருந்த துப்பாக்கிகள் மறையவில்லை.

கொள்கையின் பெயரால் அதிகப்படியாகப் பேசியவர்களும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882-ல்தான் என்னும்போது, எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேஸ் காசநோயால் இறந்தார் என்று சொல்லலாமா என்று கேட்டார் பிரெஞ்சு சிந்தனையாளர் புரூனோ லாத்தூர். அந்தக் கேள்வி எனக்கு ஏற்புடையதல்ல. காசநோய் என்ற பெயரும், அதைக் கண்டறியும் கருவிகளும், நோயாளியை ஊரை விட்டு ஒதுக்கிய வழக்கமும் வரலாற்றில் பிறந்தவை. நுரையீரலைத் தின்ற கிருமி 1882-க்காகக் காத்திருக்கவில்லை. ஒருவர் ஏதேனும் ஒன்றைச் சமூகக் கட்டுமானம் என்று சொன்னால், எது கட்டப்பட்டது என்று உடனே கேட்க வேண்டும். பொருளா, பொருளைப் பற்றிய நம் கருத்தா, அதற்கு நாம் வைத்த எல்லையா, அதைச் சுற்றி எழுந்த நிறுவனமா? இயன் ஹேக்கிங் 1999-ல் எழுதிய நூலின் தலைப்பே ‘எதன் சமூகக் கட்டுமானம்?’ என்ற கேள்விதான். விடை தெளிவாக வராவிட்டால் அந்த வாதத்தை நம்ப வேண்டியதில்லை. ஐந்தரை மணியில் விடை தெளிவாக வருகிறது. சுழற்சி கட்டப்படவில்லை. பூச்சியக் கோடும், சராசரிச் சூரியனும், ஒரு நாட்டுக்கு ஒரே நேரம் என்ற முடிவும் கட்டப்பட்டவை.

இந்தக் கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. அருணாசலப் பிரதேசத்தின் டோங் கிராமத்தில் ஜூன் மாதம் அதிகாலை நாலேகால் ஒட்டி விடிந்துவிடுகிறது. அலுவலகம் திறக்கும் பத்து மணிக்குள் பகலின் கணிசமான பகுதி போய்விடுகிறது. குளிர்காலத்தில் பிற்பகல் நாலரைக்குள் இருட்டி, மீதி அலுவல் மின்விளக்கில் நடக்கிறது. அசாமின் தேயிலைத் தோட்டங்கள் ஆங்கிலேயர் காலம் தொட்டே இதற்குத் தங்களுக்குள் ஒரு வழி கண்டிருக்கின்றன. தோட்டத்துக்குள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அதைத் தோட்ட நேரம் என்ற பொருளில் ‘பாகான் டைம்’ என்பார்கள். வேலைக்குப் போகும் பெண் தோட்டத்துக்குள் ஒரு நேரமும் வெளியே கடைத்தெருவில் இன்னொரு நேரமுமாக வாழ்கிறார்.

2018-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் நாட்டுக்கு இரண்டு நேர மண்டலங்கள் வைக்கலாம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். கிழக்குப் பகுதிக்கு ஆறரை மணி, மற்ற இடங்களுக்கு இப்போதைய ஐந்தரை. பிரிக்கும் கோட்டை 89 பாகை 52 கலையில், மேற்கு வங்கமும் அசாமும் சந்திக்கும் குறுகிய பகுதியில் போட்டார்கள். அந்த இடத்தில் ரயில் பாதைகள் குறைவு, ஆகவே கடிகாரத்தை மாற்றும்போது விபத்து நேரும் அபாயமும் குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. உதயமும் அஸ்தமனமும் பற்றிய அவர்களின் கணக்கில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாட்டுக்குள் ஒரு நேரக் கோடு விழுவதை ஏற்பதா என்பதில்தான் வேறுபாடு. அரசு இன்றுவரை அதற்கு இசையவில்லை. வடகிழக்கில் கேட்கிறவர்களுக்கு அது விடிந்த பிறகு வேலைக்குப் போகவும் வெளிச்சத்தில் வீடு திரும்பவும் உள்ள உரிமை. மறுக்கிறவர்கள் ரயிலையும், ஒரு நாட்டுக்கு ஒரே நேரம் என்ற ஒற்றுமையையும் சொல்கிறார்கள். பம்பாய் 1906-ல் கேட்ட கேள்வியை இப்போது அசாமின் டிப்ருகட் கேட்கிறது.